போட்டோவில் இருக்கும் லோகோவை அப்படியே ஒட்டுவதா, திரும்ப வரைவதா?

பலகாரம், மசாலாத்தூள், ஜேம், கேக் என்று வீட்டிலிருந்தே விற்கிற பலரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். லோகோ என்று ஒன்று இருக்கிறது, யாரோ கையால் வரைந்தது, அதைப் போனில் எடுத்த போட்டோவும் இருக்கிறது. ஸ்டிக்கர் அடிக்கக் கொடுக்கப் போனால் "இது சரியில்லை, திரும்ப வரையணும்" என்கிறார் கடைக்காரர். அவர் காசு பறிக்கப் பார்க்கிறாரா, உண்மையிலேயே சரியில்லையா என்பது தெரியாது. ஹட்டனில் லேபிள் போடும் வேலையில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது, அதனால் அண்மையில் வந்த ஒரு போட்டோவையே எடுத்துக்கொள்கிறேன்.

பொகவந்தலாவைப் பக்கத்து அக்கா ஒருவர் முறுக்கும் அதிரசமும் செய்து டவுன் கடைகளுக்குப் போடுகிறார். மகன் டிரோயிங் தாளில் கலர் பென்சிலால் லோகோ வரைந்திருக்கிறான். பையனுக்கு நல்ல கை, அதில் சந்தேகமில்லை. வட்டத்துக்குள் மலை, மலைக்குப் பின்னால் சூரியன், கீழே ஒரு பானை, பானை மேல் முள்ளு முறுக்கு, இரண்டு பக்கமும் தேயிலைக் கொழுந்து. பெயர் சிவப்பில், பச்சைக் கொழுந்தின் மேலேயே எழுதியிருக்கிறது. வட்டத்தைச் சுற்றிச் சின்ன எழுத்தில் ஒரு வாசகம், அடியில் போன் நம்பர். இரவில் பல்பு வெளிச்சத்தில் எடுத்த போட்டோ. "தம்பி, இதையே ஸ்டிக்கரா அடிக்கலாமா?" என்று கேட்டார்.

அவர் முன்னால் இருந்த வழிகள் மூன்று: போட்டோவையே துப்புரவாக்கி அடிப்பது, அதே படத்தைக் கணினியில் ட்ரேஸ் செய்து அடிப்பது, குறைத்துத் திரும்ப வரைந்து அடிப்பது.

## முதலில் எதை வைத்து அளப்பது

அழகா இல்லையா என்று பார்க்கத் தொடங்கினால் முடிவே வராது. அந்தப் படம் போய் ஒட்டப்போகிற மிகச் சின்ன இடம் எது என்று பாருங்கள். அக்காவுக்கு அது முறுக்குப் பாக்கெட் மேல் 5 செ.மீ. வட்ட ஸ்டிக்கர், அதற்கும் சின்னது வாட்ஸ்அப் வட்டம். சாட் பட்டியலில் அந்த வட்டம் விரல் நகத்தளவுதான் வரும். அங்கே நின்றால் எங்கேயும் நிற்கும்.

வாசிக்க முடிகிறதா. தமிழ் எழுத்துக்கு இங்கே தனிப் பிரச்சினை உண்டு. சின்னதாக்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. "பலகாரம்" என்பது "பலகாரம" ஆகிவிடும். அடுத்தது ண, ன, ஞ போன்றவற்றின் சுழிகள். மை நிரம்பி ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். சில எழுத்துருக்களில் புள்ளி நடுவில் ஓட்டையுள்ள வளையமாக இருக்கும். பெரிதாகப் பார்க்க அழகு, 5 செ.மீ. ஸ்டிக்கரில் அந்த ஓட்டை அடைபட்டு மங்கலான ஒரு தூசி மாதிரி தெரியும். லோகோவுக்கு நிரப்பிய புள்ளியே நல்லது, அதுவும் எழுத்தின் கோட்டுத் தடிப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக.

நிறம் பிரிந்து தெரிகிறதா. பச்சை மேல் சிவப்பு கண்ணுக்குப் பளிச்சென்று படும், ஆனால் இரண்டின் வெளிச்ச அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கலாம். அக்காவின் படத்துக்கு நெருக்கமான இரண்டு நிறங்களை, கணினி நிற எண்ணில் சிவப்பு #D32F2F, பச்சை #2E7D32, வெளிச்ச வேறுபாட்டுக் கணக்கில் போட்டால் 1.03 : 1 வருகிறது. 1 : 1 என்றால் வேறுபாடே இல்லை என்று அர்த்தம். இணையப் பக்கங்களில் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 : 1 வேண்டும் என்பது வழக்கில் உள்ள அளவு. அதே பெயரை வெள்ளை மேல் அடர் பச்சை #1B5E20 இல் எழுதினால் ஏறக்குறைய 7.9 : 1. கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் படத்தை ஒரு கறுப்பு வெள்ளை போட்டோகொப்பி எடுங்கள். அக்காவின் படத்தைக் கொப்பி எடுத்தபோது கொழுந்து இருந்தது, பெயரைக் காணோம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் இருக்கிறார்கள், ஆண்களில்தான் அதிகம். அவர்களுக்கும் அந்தப் பெயர் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும்.

எத்தனை பொருள் இருக்கிறது. மலை, சூரியன், பானை, முறுக்கு, கொழுந்து, பெயர், வாசகம், போன் நம்பர். எட்டு. இதைக் குறைக்கச் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும், தெரியும். ஆனால் இது ரசனை விஷயம் மட்டுமில்லை, காசு விஷயமும்கூட. ஏ4 ஸ்டிக்கர் தாளில் ஓரத்துக்கு அரை செ.மீ.யும் இடைவெளிக்கு 2 மி.மீ.யும் விட்டால் 5 செ.மீ. வட்டம் 15தான் அடங்கும். 4.5 செ.மீ. வட்டம் என்றால் 24. அரை செ.மீ. குறைத்தாலும் வாசிக்க முடிகிற லோகோ என்றால் அதே தாளில் ஒன்பது பாக்கெட் கூடுதலாக ஒட்டலாம்.

## வழி 1: போட்டோவையே துப்புரவாக்கிப் பயன்படுத்துவது

பலரும் இதில் பயப்படுவது படம் உடையுமே என்றுதான். 5 செ.மீ. ஸ்டிக்கருக்கு அந்தப் பயம் பெரும்பாலும் வேண்டாம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 590 பிக்சல் அகலம் போதும், இப்போதைய எந்தப் போனும் அதைவிடப் பல மடங்கு எடுக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டொகியூமென்டாக அனுப்பினால் சுருங்காமல் வந்து சேரும், அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல் வெள்ளைத் தாளில்தான். நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற தாள் போட்டோவில் வெள்ளையாக இருப்பதில்லை. படச் சட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா அதைச் சாம்பல் பக்கம் இழுத்துவிடும், பல்பு வெளிச்சம் அதற்கு மேல் மஞ்சள் பூசிவிடும், போன் பிடித்த கையின் நிழல் ஒரு மூலையில் விழும். திரையில் பார்க்கும்போது தெரியாது. வெள்ளை ஸ்டிக்கரில் அடித்த பிறகுதான் லோகோவைச் சுற்றி ஒரு அழுக்கு மஞ்சள் பெட்டி தெரியும். அடிக்கக் கொடுக்கும் முன் சோதிக்க எளிய வழி: போட்டோவின் நான்கு மூலைகளையும் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே நிறமாக இல்லை என்றால் அது அச்சுக்கு ஆகாது. வெளிச்சத்தைக் கூட்டிச் சரிசெய்யப் போனால் ஒரு மூலை வெளுக்கும்போது இன்னொரு மூலையில் கலர் பென்சில் கோடே அழிந்துபோகும்.

இன்னொன்று வட்டம். போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே வட்டம் முட்டையாகிவிடும். ஸ்டிக்கரை வட்டமாக வெட்டும்போது ஒரு பக்கம் ஓரம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் வந்து, வெட்டினவரைத் திட்டுவோம். பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை.

போட்டோவையே போடுவதுதான் சரி என்று நான் சொல்கிற இடங்களும் உண்டு. இன்னும் கடைக்குப் போடவில்லை, தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் ஓர்டர் எடுக்கிறீர்கள், இந்த வியாபாரம் தீபாவளிக்குப் பிறகு தொடருமா என்பதே தெரியாது என்றால் இப்போதைக்கு இது போதும். கையால் வரைந்த அந்தப் பென்சில் சாயலே வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் இதுதான். ஆனால் போட்டோவைத் திரும்ப எடுங்கள். நம் பக்கத்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: மேகம் மூடிய பகலில் ஜன்னலோரம் வரும் வெளிச்சம் நிழலே இல்லாமல் சமமாக விழும். தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, கொஞ்சம் தள்ளி நின்று, போனைத் தாளுக்கு நேராகப் பிடித்து, இரண்டு மடங்கு ஸூம் பண்ணி எடுத்தால் வட்டம் வட்டமாகவே வரும். கிட்டப் போய் எடுத்தால் சின்னச் சாய்வும் பெரிதாகத் தெரியும்.

## வழி 2: அதே படத்தைக் கணினியில் ட்ரேஸ் செய்வது

வெக்டர் கோப்பு என்று கடைக்காரர்கள் கேட்பது இதைத்தான். படம் பிக்சலாக இல்லாமல் கோடுகளாகச் சேமிக்கப்படும், அதனால் ஸ்டிக்கருக்கும் திருவிழாக் கடை பேனருக்கும் ஒரே கோப்பு போதும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் தெரிவு செய்து `Path > Trace Bitmap` கொடுத்தால் செய்துவிடும். சில நிமிட வேலை. அதனால்தான் சில இடங்களில் மலிவாகச் செய்து தருகிறார்கள்.

மலிவுக்குக் காரணம் இருக்கிறது. ட்ரேஸ் செய்கிற மென்பொருளுக்கு எது எழுத்து, எது நிழல் என்று தெரியாது. கலர் பென்சிலின் சொரசொரப்பு ஒவ்வொன்றையும் ஒரு தனித் துண்டாக எடுத்துக்கொள்ளும். அக்காவின் படத்தை அப்படி ஓட்டிப் பார்த்தேன். கொழுந்து ஒன்று நூற்றுக்கணக்கான துண்டுகளாக வந்தது, புள்ளிகளில் பாதியைத் தூசி என்று நினைத்துத் தள்ளிவிட்டது, தாளின் மஞ்சள் நிழல் ஒரு தனி வடிவமாகவே உட்கார்ந்திருந்தது. `Path > Simplify` கொடுத்தால் துண்டுகள் குறையும், கூடவே எழுத்தின் மூலைகளும் மழுங்கும்.

ஆக, இந்த வழி படத்தின் குறையைத் தீர்ப்பதில்லை, அதைக் கூர்மையாக்கித் தருகிறது. பச்சை மேல் சிவப்பு அப்படியே இருக்கும், எட்டுப் பொருளும் அப்படியே இருக்கும், ஓரங்கள் மட்டும் சுத்தமாகிவிடும். "வெக்டர் பண்ணிட்டோம், இப்ப சரி" என்று யாராவது சொன்னால் அதை 4.5 செ.மீ.க்கு அச்செடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு எழுத்து. கையெழுத்து ட்ரேஸில் கெட்டுப்போனதும் பெயரைக் கணினியில் தட்டச்சு செய்து போடுவார்கள். நம் ஊர் அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு புழங்குகிறது. யூனிகோடில் அடித்த பெயரைப் பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறும், "செ" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் வாசிக்கத் தெரியாதவர் வேலை செய்தால் அதைக் கவனிக்கவே வழியில்லை. அச்சுக்குப் போகும் முன் படியை நீங்களே எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும், பிறகு எழுத்தை `Path > Object to Path` மூலம் வடிவமாக மாற்றித் தரச் சொல்ல வேண்டும். அப்புறம் எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது.

ட்ரேஸ் நன்றாக வேலை செய்கிற இடம் ஒன்று உண்டு. மூலப்படம் வெள்ளைத் தாளில் கறுப்புத் தடிப்பேனாவால் வரைந்ததாக, நிழலோ சொரசொரப்போ இல்லாததாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ட்ரேஸ் கொடுக்கலாம்.

## வழி 3: குறைத்துத் திரும்ப வரைவது

இதில் பணத்தைவிட மனசுக்குத்தான் செலவு அதிகம். பையன் ஆசையாக வரைந்ததில் எதை எடுப்பது?

அக்காவிடம் பேசிப் பேசி நாங்கள் எடுத்தவை இவை. போன் நம்பர் முதலில் போனது. நம்பர் மாறினால் லோகோவே பழையதாகிவிடும், அதை ஸ்டிக்கரில் லோகோவுக்கு வெளியே தனி வரியாகப் போடலாம், மாற்ற வேண்டியபோது அந்த வரியை மட்டும் மாற்றலாம். வட்ட வாசகமும் அப்படியே. மலையும் சூரியனும் ஹட்டனிலிருந்து பதுளை வரை பாதிப் பேருடைய லேபிளில் இருக்கின்றன, அதனால் அவை இவருக்கென்று எதையும் சொல்வதில்லை. கொழுந்தைத்தான் அக்கா விட மறுத்தார். "நாங்க கொழுந்து பறிச்சு வந்தவங்கதானே" என்றார். நியாயம்தான். ஆனால் கடை அலுமாரியில் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் கொழுந்து என்றால் தேயிலைப் பாக்கெட். முறுக்கு வாங்க வந்தவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். கடைசியில் கொழுந்து லோகோவிலிருந்து போய், பாக்கெட்டின் பின்பக்க லேபிளில் ஓர் ஓரத்துக்கு வந்தது. பானை போனதை யாரும் கவனிக்கவேயில்லை.

மிஞ்சியது முறுக்கும் பெயரும். முறுக்கிலும் வேலை இருந்தது. பையன் ஐந்து சுற்று வரைந்து, ஒவ்வொரு கோட்டிலும் முள் வைத்திருந்தான். ஸ்டிக்கர் அளவில் சுற்றுகளுக்கு இடையே உள்ள வெள்ளை அடைபட்டு, ஒரு வட்ட பிஸ்கட் மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டரைச் சுற்று, முள் வெளிவட்டத்தில் மட்டும் என்று வரைந்தோம். இரண்டரைச் சுற்றிலேயே முறுக்கு முறுக்காகத்தான் தெரிகிறது.

வரைய வேண்டிய விதம் இதுதான்: 15 செ.மீ. அகலத்தில், வெள்ளைத் தாளில், கறுப்பு மார்க்கரால். அது 4.5 செ.மீ. ஆகும்போது பத்தில் மூன்று பங்காகச் சுருங்கும். 1 மி.மீ. கோடு 0.3 மி.மீ. ஆகிவிடும், அது போதாது. கோடுகளையும் கோடுகளுக்கு இடையே உள்ள வெள்ளையையும் 3 மி.மீ.க்குக் குறையாமல் வைத்தால் சின்னதில் ஏறக்குறைய 1 மி.மீ. மிஞ்சும், அடைபடாது. வெள்ளையை அளக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள், கோட்டை மட்டும் பார்ப்பார்கள். பையனே திரும்ப வரைந்தான், பெயரையும் அவனே எழுதினான். அதை ஜன்னலோரம் போட்டோ எடுத்து ட்ரேஸ் கொடுத்தோம். வழி 2 இல் சொன்ன சிக்கல் எதுவும் வரவில்லை.

நிறத்துக்கு ஒரே அடர் பச்சை, வெள்ளை மேல். ஒரு நிறம் என்றால் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். ஒரே கோப்பை வைத்து ரப்பர் சீல் செய்து காகிதப் பையில் குத்தலாம், பில் புத்தகத்தில் கறுப்பில் அடிக்கலாம். திரையில் தெரிகிற பளீர் பச்சையும் ஆரஞ்சும் அச்சில் மங்கித்தான் வரும், அடர் நிறத்தில் அந்த ஏமாற்றம் குறைவு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: இன்க்ஜெட்டில் அடித்த சாதாரணத் தாள் ஸ்டிக்கர் நம் பனிக்கும் மழைக்கும் மை கரைந்து ஓடும், முறுக்கின் எண்ணெய் பட்டால் தாளும் கறைபடும். லேசர் அச்சு தண்ணீருக்குத் தாங்கும். எண்ணெய்க்குத் தாளுக்குப் பதிலாக பிளாஸ்டிக் ஸ்டிக்கரைக் கேளுங்கள்.

இந்த வழி பொருந்தாத இடமும் இருக்கிறது. பெயரையே இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் வரைய உட்கார வேண்டாம். பழைய லோகோவில் ஆயிரக்கணக்கான ஸ்டிக்கர் அடித்து வைத்திருந்தாலும் அது தீரும்வரை பொறுக்கலாம். வாடிக்கையாளர்கள் பாக்கெட்டை அந்தப் படத்தை வைத்தே தேடுகிறார்கள் என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், அவர்கள் அடையாளம் வைத்திருக்கும் அந்த ஒரு பொருளை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | போட்டோவே | ட்ரேஸ் மட்டும் | குறைத்து வரைதல் |
|---|---|---|---|
| 4.5 செ.மீ. இல் வாசிப்பு | பெயர் சிவப்பு–பச்சையில் மறைகிறது | ஓரம் கூர்மை, பெயர் மறைவது அப்படியே | தெளிவு |
| போட்டோகொப்பி சோதனை | தோல்வி | தோல்வி | தேர்ச்சி |
| ரப்பர் சீல் | முடியாது | சின்னத் துண்டுகள் அடைபடும் | முடியும் |
| பேனர் | உடையும் | உடையாது | உடையாது |
| கைச்செலவு | ஏறக்குறைய இல்லை | குறைவு | நேரமும் வீட்டுப் பேச்சுவார்த்தையும் |
| பின்னால் வரும் செலவு | வீணாகும் ஸ்டிக்கர் தாள் | எழுத்துப் பிழை, திரும்ப அடிப்பது | பழைய ஸ்டிக்கர் மிச்சம் |

ஆப்பில் கிடைக்கிற டெம்ப்ளேட்டை நான் இதில் சேர்க்கவில்லை. சும்மா வாட்ஸ்அப்பில் போட அது பரவாயில்லை, ஆனால் அதே முறுக்குப் படம் இன்னொருவர் பாக்கெட்டிலும் வரலாம், நாளைக்கு வர்த்தகக் குறியாகப் பதிய நினைத்தால் பொதுப் படம் என்பதே தடையாக நிற்கும்.

சிங்களத்திலும் பெயர் வேண்டுமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டும்தான், டவுன் கடையில் வாங்குகிறவர்களில் தமிழ் வாசிக்காதவர்கள் நிறையப் பேர். ஆனால் மூன்று மொழியையும் ஒரே வட்டத்துக்குள் திணித்தால் மூன்றையும் வாசிக்க முடியாது. வட்டத்துக்குள் முறுக்கும் தமிழ்ப் பெயரும், வட்டத்துக்கு வெளியே லேபிளில் சிங்களமும் ஆங்கிலமும் சம அளவில் என்று பிரித்தால் சரியாக வரும். வாட்ஸ்அப் வட்டத்துக்குப் பெயரையும் எடுத்துவிட்டு முறுக்கை மட்டும் போடலாம், பெயர்தான் பக்கத்திலேயே எழுத்தில் வருகிறதே. சதுரப் படத்தின் நான்கு மூலைகளையும் வட்டம் வெட்டிவிடும் என்பதால் முறுக்கைச் சுற்றி நன்றாக இடம் விட்டு வையுங்கள்.

எந்த வழியில் செய்தாலும் கடைசியில் கடைக்காரரிடம் மூன்று கோப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: வெக்டர் கோப்பான SVG ஒன்று, PDF ஒன்று, பின்னணி இல்லாத PNG ஒன்று. நிறத்தின் எண்ணையும் எழுதி வாங்குங்கள், அடுத்த முறை வேறு கடையில் அடித்தாலும் அதே பச்சையைக் கேட்கலாம். இவற்றை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி வைத்துவிடுங்கள், கடையின் கணினியில் மட்டும் இருந்தால் ஒவ்வொரு முறையும் அங்கேயேதான் போக வேண்டிவரும்.